சாவி ஒப்படைப்பும் ஐந்தாவது வரியும்

அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கதவின் உருளையை மாற்றிக்கொண்டிருந்தபோது அவளுடைய இடது ஆள்காட்டி விரல் நசுங்கியது. மேற்பார்வையாளர் கட்டுப் போட்டுவிட்டு, "இன்னைக்குப் போதும், வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவைத்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக லிஃப்ட் மெக்கானிக் வேலை. தெருவில் அவளுக்கு லிஃப்டக்கா என்றே பெயர். வேலை நாளில் மதியம் ஒரு மணிக்கு அவள் வீடு திரும்பியது இதுவே முதல் தடவை.

வாசல் கதவு பூட்டியிருக்கவில்லை. தம்பி தான் வேலை பார்க்கும் மருந்துக் கடையிலிருந்து ஏதாவது எடுக்க வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

படுக்கையறையில் அவளுடைய கட்டிலில் வீட்டுக்காரம்மா உட்கார்ந்திருந்தார். அலமாரி திறந்து கிடந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு பச்சைக் கோப்பைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். ஏழு வருடத்துக்கு முன்னால் நடந்த விவாகரத்து வழக்கின் கோப்பு அது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்தத் தெருவில் அவளுக்கும் தம்பிக்கும் மட்டுமே தெரியும்.

வீட்டுக்காரம்மா திடுக்கிடவில்லை. கண் கலங்க நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லவே இல்லியேம்மா நீ. இவ்வளவு அடிச்சானா அந்தப் பாவி?"

விரல் விண்விண்ணென்று தெறித்தது.

"நீங்க எப்படி உள்ள வந்தீங்க?" என்று கடைசியில் கேட்டாள்.

"எப்படின்னா? சாவி இருக்குல்ல எங்கிட்ட. கறையான் இருக்கான்னு பாக்க வந்தேன். என் வீட்டுக்கு நான் வர்றதுக்கு என்ன?" அவர் எழுந்து அவளுடைய தோளைத் தொட்டார். "நீ எனக்குப் பொண்ணு மாதிரி. எங்கிட்டப் போய் மறைச்சிட்டியே."

அவள் கோப்பை வாங்கி மூடினாள். வாசல் வரை போய், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் வெளியே போனதும் சாத்தித் தாழிட்டாள்.

ஐந்து வருடமாகக் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார்கள், அக்காவும் தம்பியும். வீட்டுக்காரம்மா மாடியில். கணவர் இறந்த பிறகு தனியாள். மகளும் மருமகனும் பக்கத்துப் பேட்டையில். வீட்டுக்காரம்மாவைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். ஆனால் யார் வந்தார்கள், எத்தனை வாளித் தண்ணீர் செலவானது, எத்தனை மணிக்கு விளக்கு அணைந்தது எல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். சில நாட்களில் வேலை முடிந்து வந்தால் மேசை மேல் வைத்த சாமான் இடம் மாறியிருக்கும். தம்பிதான் எடுத்திருப்பான் என்று அவள் நினைத்தாள். அக்காதான் எடுத்திருப்பாள் என்று அவன் நினைத்தான். இதை அன்று மாலை பேசும்போதுதான் இருவருக்கும் தெரிந்தது.

"பூட்ட மாத்திடலாம்க்கா" என்றான் தம்பி.

"பூட்ட மாத்துனா திரும்பவும் சாவி கேப்பாங்க. குடுக்கலன்னா அழுவாங்க. நம்ம காலி பண்றோம்."

"அட்வான்ஸ்?"

அவள் ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் விரித்தாள். பின்கட்டு வீட்டில் குடியிருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் மூன்று வருடமாக வேறு வீடு பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அங்கேயே இருப்பதற்கு முன்பணம் திரும்பாதோ என்ற பயம்தான் காரணம். முன்பு காலி செய்த இரண்டு குடும்பங்கள் அலைந்து அலைந்து கால் தேய்ந்து விட்டுவிட்டார்கள். அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தால் தருகிறேன் என்பது வீட்டுக்காரம்மாவின் ஒரு பதில். வெள்ளையடித்ததில் கழிந்துவிட்டது என்பது இன்னொன்று.

தம்பி கணினியில் தட்ட, அவள் சொல்லச் சொல்லக் கடிதம் உருவானது.

"பொருள்: வாடகை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளுதல், வீட்டை ஒப்படைத்தல், முன்பணத்தைத் திரும்பக் கோருதல்.

அம்மையீர், கீழ்த்தள வீடு தொடர்பாக நமக்குள் உள்ள வாடகை ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவின்படி இரண்டு மாத முன்னறிவிப்பை இக்கடிதத்தால் அளிக்கிறேன். வரும் ஜூன் 30 அன்று மாலை நான்கு மணிக்கு வீட்டைக் காலி செய்து, சாவிகளுடன் தங்களிடம் ஒப்படைப்பேன். அந்நாள் வரையிலான வாடகையையும் மின்கட்டணத்தையும் செலுத்திவிடுவேன். தங்கள் வசமுள்ள ஆறு மாத வாடகைக்குச் சமமான முன்பணத்தை, ஏழாம் பிரிவின்படி, ஒப்படைக்கும் நாளிலேயே திருப்பித் தரக் கேட்டுக்கொள்கிறேன். பிடித்தம் செய்ய வேண்டியது உண்டெனக் கருதினால், ஒப்படைப்புக்கு முன்பே வீட்டை என்னுடன் சேர்ந்து பார்வையிட்டு, விவரத்தை எழுத்தில் தரவும்."

கீழே தேதி போட்டாள்: ஏப்ரல் 26. புது முகவரியை ஒப்படைப்பு அன்று தருவதாக ஒரு வரி, வங்கிக் கணக்கு எண், கையெழுத்து.

"காரணம் எழுதலியேக்கா?"

"காரணம் எழுதணும்னு ஒப்பந்தத்துல எங்க இருக்கு, காட்டு. காரணம் எழுதுனா அது பேச்சாகும். பேச்சுன்னு வந்தா அவங்கதான் ஜெயிப்பாங்க."

மறுநாள் காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு பிரதியை மாடிக்கு எடுத்துப் போனாள். வீட்டுக்காரம்மா முதல் வரியைப் படித்ததும், தீயைத் தொட்டதுபோலக் காகிதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கே நோட்டீசா? பெத்த பொண்ணு மாதிரி வெச்சிருந்தேனே! போறதா இருந்தா வாயால சொல்லக் கூடாதா?"

"வாயால சொன்னா நீங்க கேட்டுக்குவீங்கம்மா. ஒப்பந்தம் கேட்டுக்காது."

"இத நான் வாங்க மாட்டேன். நான் வாங்காம நீ எப்படிப் போறேன்னு பாக்கறேன்."

"சரிம்மா" என்று இறங்கினாள். நேராக அஞ்சலகத்துக்குப் போய், ஒப்புகை அட்டை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அதே கடிதத்தை மருமகனின் மின்னஞ்சலுக்கும் அனுப்பினாள். வாடகை ரசீதெல்லாம் அவர்தான் அனுப்புவது.

ஆறாம் நாள் தபால்காரர் அந்த உறையை அவளிடமே திருப்பிக் கொண்டுவந்தார். மேலே "வாங்க மறுத்தார்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டிருந்தார். தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது.

"போச்சு. திரும்பி வந்திருச்சே."

"கிழிச்சிடாத. அப்படியே ஒட்டுனபடி இருக்கட்டும்." அவள் ஒப்பந்தத்தின் பதின்மூன்றாம் பிரிவை விரலால் தொட்டுக் காட்டினாள். இதில் கண்ட முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய அறிவிப்பு, பெறுபவர் வாங்க மறுத்தாலும் கொடுக்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று இருந்தது. "இந்த ஒப்பந்தத்த நம்ம எழுதல, அவங்க வீட்டுக்காரர் எழுதுனது. அந்த மனுசன் நல்லாத்தான் எழுதியிருக்காரு."

அடுத்த இரண்டு மாதமும் வீட்டுக்காரம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவளைப் பற்றி மற்ற எல்லோரிடமும் பேசினார். வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டதாம். புருஷனோடு வாழாதவள் எங்கே போய் எப்படிக் குடித்தனம் நடத்துவாளோ என்றும் ஒரு வார்த்தை வந்தது. அதைத் தெருமுனைக் கடையில் கேட்டுவிட்டு வந்தவன் தம்பி. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

அவள் திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

"அது கோப்புல இருந்த விஷயம். தெருவுக்கு வந்திருச்சு, அவ்வளவுதான? நான் வெக்கப்பட வேண்டியது அதுல ஒண்ணும் இல்ல. அடிச்சவன் வெக்கப்படட்டும். எடுத்துப் படிச்சவங்க வெக்கப்படட்டும்."

ஆனாலும் அன்று அவள் சாப்பிடவில்லை. அதைத் தம்பி கவனித்தான்.

மே மாத வாடகையை ஐந்தாம் தேதியே வங்கியில் போட்டாள். ஜூன் வாடகையையும் போட்டாள். "யாராவது கடைசி மாச வாடகையக் குடுப்பாங்களா? அட்வான்ஸ்ல கழிச்சுக்கச் சொல்லுங்க" என்று ஜெராக்ஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அதச் செஞ்சா நான் பாக்கி வெச்சவ ஆயிடுவேன். பாக்கி வெச்சவ பேச முடியாது" என்றாள் அவள். சுவரில் ஆணி இருந்த ஓட்டைகளைப் பட்டி மாவால் அடைத்துத் தேய்த்தாள். தம்பி உடைத்த கைகழுவும் தொட்டியை மாற்றி, வாங்கிய ரசீதை எடுத்து வைத்தாள். வீட்டை முன்கூட்டிப் பார்வையிட வாருங்கள் என்று மருமகனுக்கு இரண்டு முறை எழுதினாள். பதில் இல்லை.

ஜூன் 30 வந்தது. மதியத்துக்குள் சாமான் எல்லாம் வண்டியேறிவிட்டன. வெறும் அறைகளைப் பெருக்கித் துடைத்துவிட்டு, அக்காவும் தம்பியும் வெறுந்தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். சாட்சிக்காக ஜெராக்ஸ்காரரையும் அவர் மனைவியையும் கேட்டிருந்தாள். ஜெராக்ஸ்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அவர் கடையைத் திறக்க வேண்டிய அவசரம் திடீரென்று முளைத்துவிட்டது. மனைவி மட்டும் வந்து கதவோரம் நின்றார்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் வீட்டுக்காரம்மா மருமகனோடு இறங்கி வந்தார். மருமகன் காப்பீட்டு நிறுவனத்தில் சேதம் மதிப்பிடுபவர். பேச்சு குறைவு. கையில் அட்டையும் பேனாவும். ஒவ்வொரு அறையாகப் போனார், குழாய்களைத் திறந்து மூடினார், சுவிட்சுகளைப் போட்டுப் பார்த்தார், மின்மீட்டரில் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

"சேதம்னு எதுவும் இல்ல அத்தை" என்றார்.

"சுவரெல்லாம் மங்கிக் கெடக்கே! வெள்ளையடிக்க ரெண்டு மாச வாடகையப் பிடிச்சுக்கணும்."

"அஞ்சு வருசம் ஆள் இருந்த சுவர் மங்கத்தான் செய்யும். சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடிக்கக் கூடாதுன்னு மாமாவே ஒப்பந்தத்துல எழுதி வெச்சிருக்காரு."

"மொதல்ல அவ நோட்டீசே குடுக்கல. நான் வாங்கவே இல்ல."

அவள் பையிலிருந்து ஒட்டியபடி இருந்த உறையை எடுத்து மருமகனிடம் நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தபால்காரரின் எழுத்தைப் படித்தார்.

"அத்தை, வாங்க மாட்டேன்னு சொன்னீங்களா?"

"ஆமா, சொன்னேன்."

"அப்ப வாங்கியாச்சு." அவர் உறையைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கும் மெயில் வந்துச்சு."

தான் தட்டச்சு செய்து கொண்டுவந்த ஒப்படைப்புச் சீட்டை அவர் அட்டையில் மாட்டினார். இரண்டு பிரதிகள். இன்ன தேதி, இன்ன மணிக்கு வீடு காலியாக ஒப்படைக்கப்பட்டது. வாடகை பாக்கி இல்லை. மீட்டர் எண் இன்னது. முன்பணம் முழுவதும் வங்கி வழியாகத் திருப்பித் தரப்பட்டது. தம்பி மூச்சு விட்டான். அவளும் பேனாவை வாங்கிவிட்டாள். ஐந்தாவது வரியில் கை நின்றது.

"வீட்டின் எல்லாச் சாவிகளும் குடியிருந்த காலம் முழுவதும் வாடகைதாரர் வசம் மட்டுமே இருந்தன. அவை அனைத்தும் ஒப்படைக்கப்பட்டன."

"இது தப்புங்க" என்றாள்.

"எது?"

"எங்கிட்ட ரெண்டு சாவிதான். மூணாவது அம்மாகிட்ட இருந்துச்சு. அஞ்சு வருசமும்."

"அது எல்லாச் சீட்டுலயும் இருக்கற வரிங்க. வழக்கமா போடறது."

"உண்மையா இருந்தா போடுங்க. இதுல நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு இந்த வீட்டுல எது காணோம்னாலும் சாவி எங்கிட்ட மட்டும்தான் இருந்துச்சுன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆகும்."

வீட்டுக்காரம்மாவின் முகம் சிவந்தது. "நான் என்ன திருடியா?"

"நான் அப்படிச் சொல்லலம்மா. சாவி உங்ககிட்ட இருந்துச்சுன்னு சொல்றேன். இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

மருமகன் மாமியாரைப் பார்த்தார். சாவி விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. யோசித்துவிட்டு, "சரி, அந்த வரிய அடிச்சிடறேன். சாவியப் பத்தி எதுவுமே வேணாம். பணம் இப்பவே போடறேன்" என்று கைபேசியை எடுத்தார்.

தம்பி அவள் பக்கம் குனிந்தான். "அக்கா, முழுசாத் தர்றாங்க. போதும்க்கா. வாங்கிட்டுப் போயிடலாம்."

நியாயமான பேச்சுதான். புது வீட்டுக்கு முன்பணம் கட்ட இருவரும் கடன் வாங்கியிருந்தார்கள். வண்டிக்காரர் வெளியே இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார். ஆனால் சாவியைப் பற்றி எதுவுமே இல்லாத சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வாசலைத் தாண்டினால், அந்த மதியம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. கட்டிலில் யாரும் உட்காரவில்லை, கோப்பை யாரும் படிக்கவில்லை.

"அடிக்க வேணாம்" என்றாள். "சரியா எழுதுங்க. ரெண்டு சாவி நான் குடுத்தேன். மூணாவது சாவி உரிமையாளர்கிட்ட இருந்துச்சு."

"எழுதுனா நான் கையெழுத்துப் போட மாட்டேன்!" வீட்டுக்காரம்மா கத்தினார். "பணமும் கெடையாது. என்ன பண்ணுவ?"

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்துச் சுவரில் வைத்து எழுதத் தொடங்கினாள். எழுதிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"ஜூன் முப்பது, மாலை நாலு மணி. வீட்டைக் காலி செய்து இரண்டு சாவிகளை உரிமையாளர் முன்னிலையில் கொடுத்தேன். மூன்றாவது சாவி அவரிடமே இருந்தது. முன்பணம் தரப்படவில்லை." சாவிகள் இரண்டையும் ஜன்னல் மேடையில் வைத்தாள். "இன்னையோட எனக்கு வாடகை கெடையாதும்மா. நாளைக்குக் காலைல இந்தத் தாளும் அந்த உறையும் வாடகைத் தகராறு அலுவலகத்துல இருக்கும். அங்க கேப்பாங்க, ஏன் காலி பண்ணீங்கன்னு. இதுவரைக்கும் நான் காரணம் சொல்லல. அங்க சொல்லுவேன்."

தம்பியிடம் பேனாவை நீட்டினாள். அவன் ஒரு நொடி அவளைப் பார்த்தான். பிறகு மறுபேச்சில்லாமல் வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

"நானும் போடறேன்" என்றது கதவோரத்திலிருந்து ஒரு குரல். ஜெராக்ஸ்காரரின் மனைவி உள்ளே வந்தார். "எங்க வீட்டுச் சாவியும் இவங்ககிட்டதான் இருக்கு. குளிச்சிட்டு வரும்போது ஒருநாள் சமையலறைல நின்னுட்டிருந்தாங்க. அவரு வெளிய சொல்ல வேணாம்னுட்டாரு."

மருமகன் அட்டையைக் கீழே இறக்கினார். "அத்தை, நிஜமா?"

வீட்டுக்காரம்மா சுவரோடு சாய்ந்துகொண்டார். கத்திய குரல் எங்கோ போய்விட்டது.

"உங்க மாமா இருந்தப்ப ஒரு குடும்பம் குழாயத் திறந்து போட்டுட்டு ஊருக்குப் போயிடுச்சு. ரெண்டு நாள் தண்ணி ஓடி அஸ்திவாரம் ஊறிப் போச்சு. அதுலேர்ந்து எனக்குத் தூக்கம் கெடையாது. போய்ப் பாத்தாத்தான் மனசு ஆறும். என் வீடு இது. நான் பாக்காம யார் பாப்பா?"

"பாக்கலாம்மா" என்றாள் அவள். குரல் தணிந்திருந்தது, ஆனால் இளகவில்லை. "ஒரு நாள் முன்னாடி சொல்லிட்டு, நாங்க இருக்கும்போது வந்து பாக்கலாம்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. வீடு உங்களுதுதான். குடியிருந்த வரைக்கும் கதவு எங்களுது. அலமாரில கொழாய் இல்லம்மா."

கடைசிச் சொற்களைக் கேட்டு வீட்டுக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மருமகன் ஐந்தாவது வரியை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, ஓரத்தில் கையால் எழுதத் தொடங்கினார். மாமியார் எட்டிப் பார்த்தார்.

"பாதுகாப்புக்காகன்னு போடுங்க மாப்பிள்ளை. சும்மா வெச்சிருந்தேன்னு இருக்கக் கூடாது."

மருமகன் அவளைப் பார்த்தார்.

"போடுங்க" என்றாள். "கூடவே வாடகைதாரருக்குச் சொல்லாமல்னும் போடுங்க."

"வாடகைதாரர் இரண்டு சாவிகளை ஒப்படைத்தார்; மூன்றாவது சாவி ஒன்று, பாதுகாப்புக்காக, வாடகைதாரருக்குச் சொல்லாமல் பயன்படுத்தும் வகையில், உரிமையாளர் வசம் இருந்தது." நேர்த்தியான வாக்கியம் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்காரம்மா அதை மூன்று முறை படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். பணம் கணக்கில் விழுந்த செய்தி வந்ததைப் பார்த்த பிறகே அவளும் போட்டாள். வெள்ளைத்தாளை நான்காகக் கிழித்துத் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.

கிளம்பும்போது வீட்டுக்காரம்மா, "விரல் ஆறிடுச்சா?" என்று கேட்டார்.

"ஆறிடுச்சும்மா."

அவள் வாசலைத் தாண்டும்போது பின்னால் ஜெராக்ஸ்காரரின் மனைவி பேசத் தொடங்குவது கேட்டது. "எங்க சாவியையும் இப்பவே குடுத்துடுங்கம்மா, நானே மாடிக்கு வந்து வாங்கிக்கறேன்."

வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தெருமுனை திரும்பியதும் அவள் பையிலிருந்து சீட்டை எடுத்து ஐந்தாவது வரியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். தம்பி அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டு, "அவங்க பணமே குடுக்காம போயிருந்தா?" என்றான்.

"அலுவலகத்துக்குப் போயிருப்போம்."

"அங்கயும் ஒரு வருசம் இழுத்தா?"

"ஒரு வருசம் போயிருப்போம்."

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. புது வீட்டில் பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தன. பாத்திரம் எதில் இருக்கிறது என்று தெரியாமல் தம்பி கடையில் சாப்பாடு வாங்கி வந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனான். அவள் கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, விரிப்புக்கூட இல்லாத மெத்தையில் படுத்தாள். வெயில் சுவரில் ஏறி, இறங்கி, தரைக்கு வந்தது. எழுந்தபோது மணி நான்கரை. இத்தனை வருடத்தில் பகலில் இப்படித் தூங்கியதே இல்லை. சோறு ஆறிப் போயிருந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவசரமில்லாமல், முழுவதையும் சாப்பிட்டாள்.